மோல்மீன் பயணம்: ஒரு குடை, ஒரு டேப், இரண்டு மத்ஹப்

19 ஜனவரி 2019, சனி. ரயிலில்

தங்கை மகளுக்குப் பர்மாவின் மோல்மீன் ஊரில் நிக்காஹ். வீட்டில் எல்லாரும் முன்னாலேயே போய்விட்டார்கள். நான் ரங்கூனில் கடையைப் பூட்டிவிட்டுக் கடைசி ஆளாகக் கிளம்பினேன். "மாப்பிள்ளையோட கூட்டாளிங்க ரெண்டு பேர் வர்றாங்க, நீங்களே கூட்டிக்கிட்டு வந்துடுங்க அண்ணே" என்று தங்கை போனில் சொல்லியிருந்தாள். இரண்டு பேரும் மதரஸாவில் ஓதுகிற பையன்கள், இருபது இருபத்தொரு வயசு. பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயரை வைத்து ரங்கூன் தம்பி, தௌங்கூ தம்பி என்றே எழுதுகிறேன்.

ஏழேகாலுக்குப் புறப்பட வேண்டிய வண்டி எட்டரைக்குப் புறப்பட்டது. காரணம் யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஜனவரிக் காலைக் குளிர், ஜன்னலில் கண்ணாடி கிடையாது, இரும்புத் தட்டிதான். அதை ஏற்றி இறக்குவதற்குள் தௌங்கூ தம்பி விரலை நசுக்கிக்கொண்டார். நல்ல வேளையாக ரத்தம் வரவில்லை. ("நல்ல வேளை" என்று நான் சொன்னதற்கு வேறு அர்த்தமும் இருப்பது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.)

ரங்கூன் தம்பி சூலியா வீட்டுப் பிள்ளை. கீழக்கரை வழி, அப்பாவை வாப்பா என்கிறவர், மார்க்கச் சட்ட வழியான மத்ஹபில் ஷாஃபிஈ. தௌங்கூ தம்பி ராவுத்தர் வீடு, அப்பாவை அத்தா என்கிறவர், ஹனஃபி. எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு: உம்மா மரைக்காயர் வீடு, அத்தா ராவுத்தர். நான் கிதாப் ஓதாதவன். அத்தா கையைப் பிடித்துக்கொண்டு போன பள்ளி எதுவோ, அதுவே என் மத்ஹப் ஆகிவிட்டது.

வண்டி ஊரைத் தாண்டியதும் ஒரு வேடிக்கை கவனித்தேன். இரண்டு பேரும் சாதாரணமாக "நீ, வா, போடா" என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். சட்டப் பேச்சு வந்ததும் இருவர் வாயிலும் தானாக "நீங்க" வந்துவிடுகிறது. "டேய், அந்தப் பொமலோவைக் குடு" என்ற அதே வாய் அடுத்த நொடியே, "உங்க இமாமு இதுக்கு என்ன ஆதாரம் சொல்றாங்க?" என்று கேட்கிறது. "நீங்க" வந்தால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

பேச்சுக்கு அடி எடுத்துக் கொடுத்தது நான்தான். சித்தாங் ஆற்றுப் பாலம் தாண்டி ஒரு சின்ன நிலையத்தில் பன்னிரண்டேகால் போல வண்டி நின்றது. நான் இறங்கி, குழாயில் கை கால் முகம் கழுவி ஒளு எடுத்து, வேப்பமரத்தடியில் துண்டை விரித்து மதியத் தொழுகையான லுஹர் தொழுதேன். பழக்க தோஷத்தில் நாலு சுற்று, அதாவது நாலு ரக்அத்தையும் தொழுதுவிட்டேன். ஏறி உட்கார்ந்ததும் தௌங்கூ தம்பி மெதுவாகக் கேட்டார்: "மாமா, தப்பா நெனைக்காதீங்க. ரெண்டாவது ரக்அத்துல அத்தஹிய்யாத்துக்கு உக்காந்தீங்கள்ல?"

உட்கார்ந்தேன் என்றேன். அவர் முகத்தில் நிம்மதி. ஹனஃபியில் பயணிக்கு லுஹர் இரண்டு ரக்அத்துதான், சுருக்குவது வாஜிப், கட்டாயம். இரண்டின் முடிவில் உட்கார்ந்திருந்தால் கடமையான பர்ளு அதோடு நிறைவேறிவிட்டது, மிச்சம் இரண்டும் உபரியான நஃபில் கணக்கில் போகும். செய்தது சரியில்லை, ஆனாலும் தொழுகை கூடிவிட்டது. உட்காராமல் எழுந்து போயிருந்தால் பர்ளே வீணாகியிருக்கும், திரும்பத் தொழ வேண்டும்.

ரங்கூன் தம்பி சிரித்துக்கொண்டே, "எங்ககிட்ட வந்திருந்தா இவ்வளவு விசாரணையே இல்லை மாமா. சுருக்குறது சலுகை. எடுத்துக்கிட்டா ரெண்டு, எடுக்கலைன்னா நாலு" என்றார். அப்புறம் நண்பர் பக்கம் திரும்பி, "நீங்க வாஜிப்னு சொல்றது ஆயிஷா நாயகியோட ஹதீஸை வச்சுத்தானே?" என்றார்.

எனக்குப் பிடித்துப்போனது இந்த முறைதான். எதிராளியின் ஆதாரத்தை முதலில் தன் வாயாலேயே சொல்கிறார், எதிராளி ஆமாம் என்று தலையாட்டிய பிறகுதான் பதிலுக்குப் போகிறார். தொழுகை முதலில் இரண்டிரண்டு ரக்அத்தாகவே கடமையாக்கப்பட்டது, பயணத்தில் அது அப்படியே விடப்பட்டது, ஊரில் இருக்கும்போது கூட்டப்பட்டது என்பது ஆயிஷா நாயகியின் அறிவிப்பு. அப்படியென்றால் பயணிக்கு இரண்டு என்பது குறைத்தது இல்லை, அசலே அதுதான். அசலை மாற்ற யாருக்கு உரிமை? இது ஹனஃபி வாதம்.

ரங்கூன் தம்பி குர்ஆன் வசனத்தை எடுத்தார். பயணம் போனால் தொழுகையைச் சுருக்குவதில் "உங்கள் மீது குற்றமில்லை" என்று வருகிறது. கட்டாயமான ஒன்றைப் பற்றி யாராவது "செய்தால் குற்றமில்லை" என்பார்களா?

"நல்ல கேள்வி" என்றார் தௌங்கூ தம்பி. நிஜமாகவே கொஞ்சம் யோசித்தார். "ஆனா அந்த வசனத்துல எதிரி பயம் இருந்தா அப்படின்னு சேர்ந்து வருது. பயம் தீர்ந்த பிறகும் ஏன் சுருக்குறோம்னு உமர் நாயகத்துக்கிட்டயே கேட்டிருக்காங்க. அவங்களும் அதையே ரசூலுல்லாஹ்கிட்ட கேட்டிருக்காங்க. 'இது அல்லாஹ் உங்களுக்குத் தந்த தர்மம், ஏத்துக்கங்க'ன்னு பதில். ஏத்துக்கங்கன்னு ஏவல் வந்தாச்சு."

"தர்மம்னும் வந்திருக்கே. தர்மத்தை வாங்கித்தான் ஆகணும்னு கட்டாயம் உண்டா?"

ஒரே வாக்கியம். ஒருவருக்கு அதில் வினைச்சொல் ஆதாரம், இன்னொருவருக்குப் பெயர்ச்சொல் ஆதாரம். வியாபாரி புத்தி எனக்கு, ஒரே பில்லை இரண்டு கட்சியும் கோர்ட்டில் நீட்டுவது போல இருந்தது.

பிறகுதான் ரங்கூன் தம்பி கையில் வைத்திருந்த துருப்பை இறக்கினார். ஆயிஷா நாயகியே பயணத்தில் நாலு தொழுதிருக்கிறார்கள் என்று அதே ஹதீஸோடு சேர்ந்தே செய்தி இருக்கிறதாம். "அறிவிச்சவங்க தன் அறிவிப்புக்கு மாத்தமா நடந்தா, அந்த நடப்பைத்தான் பாக்கணும்னு ஒரு விதி இருக்கே. அது எங்க விதி இல்லை, உங்க உசூல்ல இருக்கிற விதி." தௌங்கூ தம்பி வாய்விட்டுச் சிரித்தார். அவர்கள் ஒரு விளக்கத்தின் பேரில் அப்படிச் செய்தார்கள் என்று அந்தச் செய்தியிலேயே இருக்கிறது, விளக்கம் வைத்துச் செய்ததற்கு அந்த விதி பொருந்தாது என்று பதில் வந்தது. "அல்லாஹு அஃலம்" என்று இருவரும் முடித்துக்கொண்டு பொமலோ உரித்தார்கள். மோல்மீன் பக்கத்துப் பொமலோ, ஒன்று 800 சாட். ரங்கூனில் இந்த விலைக்குப் பாதிதான் வரும்.

அந்தப் பழத்தை வாங்கியபோது நடந்ததையும் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். கூடைக்காரப் பெண் சில்லறையைக் கையில் வைத்து நீட்டினாள், வலது முழங்கையை இடது கையால் தாங்கிக்கொண்டு, இங்கே மரியாதைக்குச் செய்கிற மாதிரி. தௌங்கூ தம்பி வாங்கிக்கொண்டார், விரல் பட்டது. அதற்கு முன்னால் ரங்கூன் தம்பி முட்டை வாங்கியபோது கையை நீட்டாமல் டிபன் பாக்ஸ் மூடியை நீட்டியிருந்தார். அந்நியப் பெண்ணின் தோல் பட்டால் ஷாஃபிஈயில் ஒளு முறிந்துவிடும், ஹனஃபியில் முறியாது. முட்டைக்காரப் பெண்ணுக்கு இது எதுவும் தெரியாதே. "பொம்பளை கை படக்கூடாதா, நீ என்ன பொங்ஜியா?" என்று பர்மிய மொழியில் கேட்க, பெட்டியே சிரித்தது. தம்பி காது சிவக்க, "கிட்டத்தட்ட அப்படித்தான் அக்கா" என்றார். பிட்சு என்றால் அவளுக்கு மரியாதை ஆயிற்றே, ஒரு முட்டையைச் சும்மா வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் மூங்கில் குழாயில் சுட்ட பசையரிசி 500 சாட். நூடுல்ஸும் மீன் குழம்புமான மொய்ங்கா வாசனை ஆளை இழுத்தது. குழம்பில் என்னென்ன போட்டார்களோ என்று மூவருமே கண்ணை மூடிக்கொண்டோம். இந்த ஒரு விஷயத்தில் கருத்து வேறுபாடு இல்லை.

வண்டி ஆடிய ஆட்டத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. பக்கவாட்டில் ஆடுவது போதாதென்று இருக்கையிலிருந்து ஒரு முழம் தூக்கித் தூக்கிப் போட்டது. தாட்டோன் நிலையத்தில் எதிர் வண்டிக்காக நிறுத்தினார்கள். மணி மூன்று ஐம்பது. இரண்டு தம்பிகளும் இன்னும் லுஹர் தொழவில்லை. நான் பதறினேன், லுஹர் வக்து போய்விட்டதே என்று.

"எனக்குப் போகலை" என்றார் தௌங்கூ தம்பி.

"எனக்குப் போயிடுச்சு, ஆனா பரவாயில்லை" என்றார் ரங்கூன் தம்பி.

புரியவில்லை என்றேன். சித்தாங் பக்கத்து நிலையத்தில் நான் தொழுதுகொண்டிருந்தபோது ரங்கூன் தம்பி நடைமேடையில் குடையை நட்டு வைத்து, என் பையிலிருந்த ஜவுளிக்கடை டேப்பால் நிழலை அளந்திருக்கிறார். குடை 36 அங்குலம், உச்சி வெயிலில் நிழல் 28 அங்குலம். ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் உச்சியிலும் அவ்வளவு நிழல். அந்த 28ஐ எப்போதும் தனியாக வைத்துவிட வேண்டும். அதோடு குடையின் உயரம் ஒரு மடங்கு கூடி 64 ஆனால் ஷாஃபிஈக்கு லுஹர் முடிந்து மாலைத் தொழுகையான அஸர் ஆரம்பம். இரண்டு மடங்கு கூடி 100 ஆனால்தான் இமாம் அபூ ஹனீஃபா கணக்கில் அஸர். தாட்டோனில் குடையை மறுபடி நட்டு அளந்தோம். 78.

அந்த 64க்கும் 100க்கும் நடுவில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் தௌங்கூ தம்பி தொழுவது உரிய நேரத்து லுஹர். அவர் மத்ஹபில் பயணத்துக்காக இரண்டு வக்தைச் சேர்ப்பது கிடையாது, ஹஜ்ஜில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் மட்டும்தான். ரங்கூன் தம்பி தொழுவதோ அஸரோடு சேர்த்துப் பிற்படுத்திய லுஹர். பயணிக்கு அது கூடும், ஆனால் லுஹர் வக்து முடிவதற்குள்ளேயே "பிற்படுத்திச் சேர்க்கிறேன்" என்று நிய்யத் வைத்திருக்க வேண்டும். நிய்யத் இல்லாமல் தூங்கிப்போயிருந்தால் அது நேரம் தவறிய களாதான். அவர் சித்தாங் பக்கத்து நிலையத்திலேயே வைத்துவிட்டாராம். ஆக இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே தொழுகையை ஒரே ஜமாஅத்தாகத் தொழலாம், காரணம் மட்டும் வேறு.

"அபூ யூசுஃபும் முஹம்மதும் ஒரு மடங்குன்னுதானே சொல்றாங்க? உங்க இமாமோட சொந்த மாணவர்களே எங்க பக்கம்" என்று ரங்கூன் தம்பி சீண்டினார். "இன்னைக்கு வண்டி எங்க இமாமு பக்கம்" என்றார் மற்றவர்.

யார் இமாமாக நிற்பது? தௌங்கூ தம்பி ஒரு வயது மூத்தவர், அவரே நிற்கட்டும் என்றார் நண்பர். அவர் சரி என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நடைமேடை ஓரம் போனார். மறுபடி ஒளு. எனக்கு ஆச்சரியம், காலையில் எடுத்த ஒளு இன்னும் இருக்கிறதே? ரங்கூன் தம்பி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பொமலோக்காரம்மா கை பட்டுச்சுல்ல மாமா. அவங்க மத்ஹப்ல அவங்க ஒளு இருக்கு. என் மத்ஹப்ல முறிஞ்சுது. முறிஞ்சதுன்னு எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பின்னாடி நான் தொழுதா என் தொழுகை கூடாது. அதுக்காக எடுக்குறாங்க."

நீ எடுக்கச் சொல்லிக் கேட்டாயா என்றேன். "நான் கேக்கலை. கேக்குறதும் அதபு இல்லை. பேசாம தனியாத் தொழுதிருப்பேன்."

இரண்டு ரக்அத் லுஹர் முடிந்தது. ரங்கூன் தம்பி இடைவெளி விடாமல் எழுந்து அஸர் இரண்டு ரக்அத்தையும் முடித்துக்கொண்டார். தௌங்கூ தம்பி நிழலைப் பார்த்துக்கொண்டே நின்றார், 100 ஆகட்டும் என்று. ஆகவில்லை, அதற்குள் விசில். ஓடும் வண்டியில் நாலேகால் தாண்டி அவர் அஸரைத் தொழுதார், கதவுப் பக்க இடைவெளியில், மேற்கே பார்த்து. வண்டி தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தது. ரங்கூன் தம்பி பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார், விழுந்தால் தாங்க. ஒரு தடவை தாங்கவும் வேண்டியிருந்தது.

மொத்தமா என்கிற ஊரைத் தாண்டித் தன்ல்வின் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. கிட்டத்தட்ட முழு நிலா, ஆற்றின் மேலே. பேச்சு நின்றுபோனது.

20 ஜனவரி, ஞாயிறு. நிக்காஹ்

கல்யாண விவரம் குடும்பத்துக்குத்தான் சுவை, விடுகிறேன். சாப்பாட்டை விட முடியாது. பிரியாணி ஒரு பக்கம், கடல் பண்டம் ஒரு பக்கம்: இறால் தொக்கு, கணவாய் வறுவல், நண்டு.

ஷாஃபிஈக்குக் கடலில் வாழ்வதெல்லாம் கூடும், ஹனஃபிக்கு மீன் மட்டும்தான் என்று எங்கள் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவன் நான். உம்மா நண்டு ஆக்கினால் அத்தா திண்ணைக்குப் போய்விடுவார். அதனால் நண்டுத் தட்டை ரங்கூன் தம்பி பக்கம் நகர்த்தினேன். வேண்டாம் என்றார்! தரையிலும் தண்ணீரிலும் வாழ்கிறவற்றில் தவளையோடு நண்டையும் சேர்த்து ஹராம் என்று அவர் ஓதுகிற கிதாபில் இருக்கிறதாம். கூடும் என்று சொன்ன ஷாஃபிஈ ஆலிம்களும் உண்டு, ஊரில் சாப்பிடுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நான் சாப்பிடுவதில்லை என்றார். உம்மா உயிரோடு இருந்தால் இதைக் கேட்டு என்ன சொல்லியிருப்பாளோ.

இறாலில்தான் "நீங்க" வந்தது. ஹனஃபியில் கேள்வி ஒன்றே ஒன்று: இறால் மீனா, இல்லையா? பழைய அரபு அகராதிக்காரர்கள் அதை மீன் வகையில் சேர்த்திருக்கிறார்கள், அதனால் கூடும் என்பது ஒரு கட்சி. முதுகெலும்பு இல்லாததை மீன் என்று எப்படிச் சொல்வது என்பது இன்னொரு கட்சி. தௌங்கூ தம்பிக்கு ஓதிக்கொடுக்கிற ஹஸ்ரத் முதல் கட்சி, அதனால் இவர் இறாலை ஒரு கை பார்த்தார். கணவாயைத் தொடவில்லை.

"மக்கள் எதை மீன்னு கூப்பிடுறாங்களோ அது மீன்னா, பர்மாக்காரங்க பேச்சை எடுத்துக்குங்களேன்" என்றார் ரங்கூன் தம்பி. மீனுக்குப் பர்மிய மொழியில் ங்கா. இறாலுக்குப் பெயர் பஸூன், அதில் ங்கா இல்லை. கணவாய்க்குப் பெயரே ப்யீஜீங்கா. "அப்ப கணவாய் மீனு, இறால் மீன் இல்லை. நீங்க தட்டை மாத்திப் பிடிச்சிருக்கீங்க."

பந்தியில் சிரிப்பு அடங்க நேரமானது. தௌங்கூ தம்பி மட்டும் சிரிக்காமல், "இதுக்கு என்கிட்ட இப்ப பதில் இல்லை, யோசிச்சுச் சொல்றேன்" என்றார். தோற்றுப்போன முகம் இல்லை அது.

22 ஜனவரி, செவ்வாய். வீட்டு மாடி

ஊர் சுற்றல், வெயில், மதியத் தூக்கம். ஆற்றங்கரையில் தேநீர் 400 சாட், கூடவே சீனத் தேநீர் இலவசமாக ஒரு கூஜா.

மாடி அறையில் ஒரு தலைகீழ் மாற்றம் நடந்திருக்கிறது. ரயிலில் சலுகை அதிகம் ரங்கூன் தம்பிக்குத்தான். இங்கே வந்ததும் அவருக்கு ஒரு சலுகையும் இல்லை. நாங்கள் சனிக்கிழமை வந்தோம், வெள்ளிக்கிழமை திரும்புகிறோம். வந்த நாளையும் போகிற நாளையும் தள்ளினால் நடுவில் ஐந்து முழு நாள். நாலு முழு நாள் தங்குவதாக நிய்யத் இருந்தாலே ஷாஃபிஈயில் ஊர்க்காரர் ஆகிவிடுவார். வந்து இறங்கியதிலிருந்தே அவருக்கு நாலு ரக்அத், சேர்த்துத் தொழுவதும் கிடையாது. ஹனஃபியில் பதினைந்து நாள் தங்க நினைத்தால்தான் ஊர்க்காரர். ஆகவே தௌங்கூ தம்பியும், அத்தா புண்ணியத்தில் நானும் இன்னும் பயணிகள், தனியாகத் தொழுதால் இரண்டுதான்.

நேற்று இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பள்ளிக்குப் போக முடியவில்லை. தௌங்கூ தம்பி முன்னால் நின்றார், இரண்டில் ஸலாம் கொடுத்துவிட்டு, "நாங்க பயணிங்க, நீங்க பூர்த்தி பண்ணிக்கங்க" என்றார். ரங்கூன் தம்பி எழுந்து மிச்சம் இரண்டை முடித்தார். இன்று அவரே முன்னால் நிற்பது என்று பேச்சு. ஊர்க்காரர் பின்னால் நின்றால் பயணியும் நாலு தொழ வேண்டும், இதில் இரண்டு மத்ஹபும் ஒன்று.

தொழப் போகிற நேரத்தில் பொமலோ வெட்டிய கத்தி ரங்கூன் தம்பியின் கட்டை விரலில் இறங்கிவிட்டது. ரத்தம் வழிந்தது. தங்கை மஞ்சள் வைத்துக் கட்டினாள். ஷாஃபிஈயில் ரத்தத்தால் ஒளு முறியாது. ஹனஃபியில் வழிந்தோடினால் முறியும். (ரயிலில் தட்டி நசுக்கியபோது ரத்தம் வராதது ஏன் நல்ல வேளை என்று இப்போது புரிந்திருக்கும்.)

கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் கிணற்றடிக்குப் போனார். யாரும் எதுவும் சொல்லவில்லை. தௌங்கூ தம்பி முஸல்லாவை விரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், அவர் போனதைக் கவனிக்காதவர் மாதிரி.

மத்ஹப் வித்தியாசத்துக்கு இடம் கொடுக்காதபடி நடந்துகொள்வது நல்லது என்று இரண்டு தரப்புக் கிதாபுகளிலும் இருக்கிறது என்று பிறகு விளக்கினார்கள். அதற்கு அரபியில் ஒரு பெயரும் சொன்னார்கள். எனக்குப் பெயர் நிற்கவில்லை. கிணற்றடியில் வாளி மோதிய சத்தம் நிற்கிறது.

25 ஜனவரி, வெள்ளி. திரும்பும் வழி

அதிசயம், வண்டி சரியான நேரத்துக்குப் புறப்பட்டது. ஊர்க் கட்டடங்கள் முடிந்ததும் ரங்கூன் தம்பி, "நானும் பயணி ஆயிட்டேன்" என்று அறிவித்தார். என் டேப்பைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

தங்கை மூன்று டப்பா கட்டிக் கொடுத்திருந்தாள். புளிச்சோறு, இறால், கணவாய். பீகோ வருவதற்குள் இறால் டப்பாவை இரண்டு பேரும் சேர்ந்து காலி செய்தார்கள். கணவாய் டப்பா திறந்தே இருந்தது. தௌங்கூ தம்பி அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ப்யீஜீங்கா..." என்றார். "ங்கான்னுதானே சொல்றாங்க."

ரங்கூன் தம்பி டப்பாவைத் தன் பக்கம் இழுத்து மூடியைப் போட்டு அழுத்தினார்.

"அதை நீங்க உங்க ஹஸ்ரத்துகிட்ட கேளுங்க. நான் விளையாட்டுக்குச் சொன்னது."